கொப்புளத்தின் பழி தண்ணீருக்கு

"சுட்ட இடத்திலை தண்ணி விடாதை பிள்ளை, பொக்களிக்கும்." யாழ்ப்பாணத்துக் குசினியில் கை சுட்டுக்கொண்டவர் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். அடுத்த பேச்சு, "ஓடிப்போய் பற்பசையை எடுத்து வா." பூசும் பொருள் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் தேங்காயெண்ணெய், பக்கத்து வீட்டில் நெய், அதற்கடுத்த வீட்டில் மஞ்சளும் உப்பும், எங்கேனும் முட்டை வெள்ளைக்கரு, இன்னும் சில இடங்களில் பேனை மை. பூச்சில் இத்தனை பேதம் இருந்தும், தண்ணீர் கூடாது என்பதில் மட்டும் பருத்தித்துறை முதல் ஊர்காவற்றுறை வரை ஒரே குரல். அந்த ஒரே குரல்தான் பிழை. பூச்சு செய்யும் தீமையைவிட, தண்ணீரை விலக்குவது செய்யும் தீமை பெரிது.

இதை நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கை சுட்டது, தண்ணீர் ஊற்றினார்கள், சற்று நேரத்தில் கொப்புளம் எழுந்தது. இன்னொரு நாள் வேறொருவருக்கு விரல் நுனி சுட்டது, பற்பசை பூசினார்கள், கொப்புளம் வரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் குற்றவாளி, பற்பசை வைத்தியர் என்றுதான் தோன்றும். பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று: முதல் சூடு ஆழமானது, இரண்டாவது மேலோட்டமானது. கொப்புளம் எழுவதா இல்லையா என்பது பெரும்பாலும் சட்டி தொட்ட கணத்திலேயே தீர்ந்துவிடுகிறது. தோலின் மேற்படை கீழ்ப்படையிலிருந்து பிரிந்து, இடையில் உடம்பின் நீர் ஊறி நிறைவதுதான் கொப்புளம். அந்த நீர் உள்ளேயிருந்து வருவது, வெளியேயிருந்து ஊற்றியது அல்ல. ஊறுவதற்குச் சில நிமிடமோ சில மணி நேரமோ பிடிக்கும். அந்த இடைவெளியில் யார் எதைச் செய்தாலும் பழியோ புகழோ அதன் தலையில் விழும்.

சூட்டைப் பற்றி நாம் செய்யும் அடிப்படைத் தவறு, கையை இழுத்தவுடன் சுடுவது நின்றுவிட்டது என்று நினைப்பது. அடுப்பிலிருந்து இறக்கிய மண்சட்டியில் குழம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருப்பதை நாள்தோறும் பார்க்கிறோம். தோலும் அப்படித்தான். 1947இல் அமெரிக்காவில் மொரிட்ஸ், ஹென்றிக்ஸ் என்ற இருவர், எந்த வெப்பம் எவ்வளவு நேரத்தில் தோலைக் கொல்கிறது என்று அளந்து வெளியிட்டார்கள். 60 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 5 விநாடி போதும், 70 பாகையில் ஒரு விநாடி. 44 பாகையில் கிட்டத்தட்ட 6 மணி நேரம் வேண்டும். ஆகவே சுட்ட தோலை எவ்வளவு விரைவில் அந்த 44 பாகைக்குக் கீழே இறக்குகிறோம் என்பதே முதற் கேள்வி.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1953இல், இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் டக்ளஸ் ஜக்சன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் இன்னொன்றைச் சொன்னார். ஒரு தீக்காயத்தில் மூன்று வளையங்கள் உண்டு. நடுவில் இறந்த தோல், அதை மீட்க முடியாது. வெளியே வெறுமனே சிவந்த தோல், அது தானாகத் தேறும். இரண்டுக்கும் நடுவில் இரத்த ஓட்டம் மந்தித்து, இறக்கவும் பிழைக்கவும் கூடிய நிலையில் ஒரு வளையம். குசினியில் நாம் செய்யும் முதலுதவி முழுவதும் அந்த நடு வளையத்துக்காகத்தான். அதைக் காப்பாற்றினால் காயம் ஆழமாகாமல் நிற்கும். கைவிட்டால், காலையில் சிவப்பாக இருந்தது மூன்றாம் நாள் வெளிறிக் கிடக்கும்.

தண்ணீரின் பலன் எண்ணிக்கையிலும் தெரிந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் சிறுவர் வைத்தியசாலைக்குத் தீக்காயத்துடன் வந்த 2,495 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வந்தது. சுட்ட 3 மணி நேரத்துக்குள் 20 நிமிடம் ஓடும் தண்ணீர் விடப்பட்ட பிள்ளைகளுக்கு, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்துக் கடையில் விற்கும் எந்தக் குழாய் மருந்தும் முதல் மணி நேரத்தில் இதைச் செய்வதாக யாரும் காட்டியதில்லை.

ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். இடியப்பம் அவிகிறது. பானையின் வாயிலிருந்து நீத்துப்பெட்டியைத் தூக்கும்போது பக்கவாட்டில் சீறிய ஆவி மணிக்கட்டில் பட்டுவிட்டது. ஆவியைப் பலரும் கொதிநீரைவிட இலேசாக நினைக்கிறார்கள். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, தன்னுள் அடக்கி வைத்திருந்த வெப்பம் முழுவதையும் அங்கேயே இறக்குகிறது. அது, அதே நிறைக் கொதிநீர் உடம்பின் சூட்டுக்கு ஆறும்போது கொடுக்கும் வெப்பத்தைப் போல எட்டு மடங்குக்கும் மேல். ஆகவே ஈரமாக மட்டும் தெரியும் ஆவிக் காயம் பார்வைக்குத் தோன்றுவதைவிட ஆழமாக இருக்கலாம்.

முதலில் அந்தக் கையிலுள்ள காப்பையும் மோதிரத்தையும் கழற்ற வேண்டும். சுட்ட இடம் சிறிது நேரத்தில் வீங்கும், பிறகு மோதிரம் வராது, விரலின் இரத்த ஓட்டத்தை இறுக்கும். கழற்றிக்கொண்டே குழாயடிக்குப் போகலாம். நீளக்கைச் சட்டை நனைந்து சூடாக இருந்தால் அதையும் கழற்றலாம். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது, அதன் மேலேயே தண்ணீர் விட வேண்டும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கூரைக்கு மேல் கறுப்புத் தாங்கியில் நிற்கும் தண்ணீர் சித்திரை வெயிலில் மத்தியானம் குளிக்கவே முடியாத சூட்டில் வரும். குழாயைத் திறந்து, மற்றக் கையின் மணிக்கட்டு உட்புறத்தில் பிடித்துப் பார்த்து, குளிர்ந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்ட பிறகே காயத்தைப் பிடிக்க வேண்டும். கிணற்றில் நேரே அள்ளிய தண்ணீர் இதைவிட நல்லது. நம் கிணற்று நீர் ஏறத்தாழ 28 பாகையில் இருக்கும். குளிர்நாட்டுக் குழாய் நீர் போலச் சில்லென்று இராது. ஆனாலும் 44ஐவிட வெகு கீழே, தோலின் சூட்டையும்விடக் கீழே இருப்பதால் வேலை செய்யும். ஓடும் தண்ணீராக இருப்பது முக்கியம். நிற்கும் தண்ணீரில் கையை வைத்தால் தோலைச் சுற்றிய தண்ணீர் சூடேறி அங்கேயே நிற்கும்.

20 நிமிடம். நம்மவர் இரண்டு நிமிடம் பிடித்துவிட்டு "எரிவு குறைஞ்சிட்டுது" என்று எடுத்துவிடுவார்கள். எடுத்தவுடன் மறுபடி எரியும். அப்போது, "பார்த்தியோ, தண்ணி கூட்டிப்போட்டுது" என்பார்கள். நேரத்தை மணிக்கூட்டில் பார்க்க வேண்டும், எரிவை வைத்து அல்ல.

தண்ணீருக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு நியாயமான ஆட்சேபம் இங்கே வரும். தீவகத்திலும் வடமராட்சியின் கடலோரத்திலும் நல்ல தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், 20 நிமிடம் தண்ணீரைத் திறந்து விடு என்று சொல்வது வாய்க்கு இலேசு. கணக்குப் பார்ப்போம். பென்சில் தடிப்பில் மெல்ல ஓடும் குழாயில் நிமிடத்துக்கு ஒரு லீற்றர் அளவில் வந்தால், மொத்தம் 20 லீற்றர். இரண்டு வாளிக்கும் குறைவு. கீழே ஒரு பேசினை வைத்துப் பிடித்தால் அது வாழைக்குப் போகும். அதுவும் இல்லையென்றால் ஒரு வாளி தண்ணீரைக் கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்றலாம். தோல் உரியாத இடத்துக்கு உவர்க்கிணற்றுச் சுத்தமான தண்ணீரும் சூட்டை எடுக்கும்.

20 நிமிடம் முடிந்ததும் காயத்தை மூட வேண்டும். வைத்தியசாலைகளில் விரும்பப்படுவது சாப்பாடு சுற்றும் மெல்லிய பொலித்தீன், சுருளின் வெளிச் சுற்றைக் கழித்துவிட்டு உள்ளிருந்து எடுத்த புதுத் துண்டு. அது காயத்தில் ஒட்டாது, ஊடே பார்க்கலாம், காற்றுப் படாததால் எரிவும் குறையும். கையைச் சுற்றி இறுக்கிக் கட்டக் கூடாது, வீக்கத்துக்கு இடம் வேண்டும். மேலே விரித்து வைத்தால் போதும். பொலித்தீன் இல்லாவிட்டால் துவைத்துக் காயவைத்த பருத்தித் துணி. பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். வலிக்குப் பரசிற்றமோல் போதும். கொப்புளம் எழுந்தால் ஊசியால் குத்தக் கூடாது. அதன் தோல்தான் காயத்துக்கு முதல் மூடி. தானே உடைந்தால் சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் கொண்டு மெல்லக் கழுவி மூடலாம், தொங்கும் தோலை இழுத்துப் பிய்க்காமல்.

இப்போது பற்பசைக்காரரைப் பார்ப்போம். பற்பசை குளிர்கிறது என்பது பொய்யல்ல, குளிர்கிற உணர்வு உண்மை. அதிலுள்ள மெந்தோல், குளிரை உணரும் நரம்பைத் தட்டி எழுப்புகிறது. தோலின் சூடு ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கிறது. குளிர்ந்ததாக மூளை நினைக்கிறது, அதனால் தண்ணீரடியில் கையை வைக்கும் எண்ணமே போய்விடுகிறது. பற்பசையின் பெரிய தீங்கு அதில்தான். எண்ணெயும் நெய்யும் இன்னொரு வகை. தோலை எண்ணெய் மூடிய பின் விடும் தண்ணீர் வழுக்கி ஓடும், சூடு உள்ளே நிற்கும். மை, மஞ்சள், ஊதா மருந்து போன்றவை இன்னொரு கேடு செய்கின்றன. தீக்காயம் எவ்வளவு ஆழம் என்று வைத்தியர் பார்ப்பது முக்கியமாக நிறத்தை வைத்துத்தான். அழுத்தினால் வெளிறி, விட்டால் சிவந்து வருகிறதா என்று பார்ப்பார். மஞ்சள் பூசிய காயத்தில் அவர் என்னத்தைப் பார்ப்பது? முதலில் அதைக் கழுவித் தேய்த்து எடுக்க வேண்டும். சூட்டுக் காயத்துக்குப் போனால் ஆசுப்பத்திரியில் சுரண்டுவினம் என்று நம்மவர் பயப்படுகிறார்கள். அந்தச் சுரண்டலில் ஒரு பங்கு நாங்கள் பூசி அனுப்பியதை எடுப்பதற்கே.

ஐஸ் வைப்பது இன்னொரு மோகம், படித்த வீடுகளில் கூடுதல். ஐஸ் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஜக்சன் சொன்ன நடு வளையத்துக்குப் போகும் கொஞ்ச இரத்தத்தையும் நிறுத்திவிடும். நேரே வைத்தால் உறைந்து தோல் இன்னும் கெடும்.

"எங்கட அம்மம்மா தேன் தான் பூசுவா, எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்பது கடைசி ஆயுதம். இதில் பாதி உண்மை உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. தேனால் கட்டிய நடுத்தர ஆழத் தீக்காயங்கள் சில மருந்துக் கட்டுகளைவிட விரைவில் ஆறியதாக ஆய்வுகள் உண்டு. மும்பை சயன் வைத்தியசாலையில் வாழையிலையையே கிருமிநீக்கம் செய்து தீக்காயத்துக்குக் கட்டாகப் பயன்படுத்தி, ஒட்டாமலும் வலிக்காமலும் இருக்கிறது என்று 2003இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இவை எல்லாம் சூடு ஆறிய பின், காயத்தை ஆற்றுவதற்கான கட்டுகள். தேனும் அங்கே கிருமி நீக்கியது, அலுமாரிப் போத்தலில் கரண்டி போட்டு எடுத்தது அல்ல. இரண்டாம் நாள் வேலையை முதல் நிமிடத்தில் செய்ய முயல்வதுதான் அம்மம்மாவின் பிழை. "ஒண்டும் நடக்கேல்லை" என்பதற்கும் விடை எளிது. மேலோட்டமான சூடு எதைப் பூசினாலும் பூசாவிட்டாலும் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆறிய காயங்கள் எல்லாம் பற்பசையின் கணக்கில் எழுதப்படுகின்றன. ஆறாதவை எந்தக் கணக்கிலும் இல்லை.

பூசிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. பற்பசை பூசி ஒரு மணி நேரம் போய்விட்டது, பிறகுதான் அண்டை வீட்டு ரீச்சர் வந்து சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். இனி என்ன என்று விட்டுவிட வேண்டாம். பூச்சைக் கழுவிவிட்டு 20 நிமிடம் தண்ணீர் விடலாம். 3 மணி நேரம்வரை அதற்குப் பலன் உண்டு.

இரண்டாவது மூடநம்பிக்கை தண்ணீர் பற்றியதைவிட ஆபத்தானது: நோ இல்லை என்றால் காயம் பெரிதில்லை. தீக்காயத்தில் உண்மை இதற்கு நேர்மாறு. சிவந்து எரிகிற, ஈரமாகக் கொப்புளிக்கிற காயம் வலிக்கும், ஏனென்றால் நரம்பு உயிரோடு இருக்கிறது. மெழுகு போல வெளிறியோ, தோல்பட்டை போலத் தடித்தோ, கபிலமாகவோ கருகியோ கிடக்கிற இடம் தொட்டாலும் நோகாது. அங்கே நரம்பே எரிந்துவிட்டது. அந்தக் காயம் சிறு நாணயம் அளவே ஆனாலும் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

அளவுக்கு உள்ளங்கைதான் அளவுகோல். விரல்களையும் சேர்த்து, சுட்டுக்கொண்டவரின் கை அளவு அவர் உடம்பின் ஏறத்தாழ 1 சதவீதம். கொப்புளித்த காயம் அந்த அளவைத் தாண்டினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் காயத்தைப் பிள்ளையின் கையால் அளக்க வேண்டும், அம்மாவின் கையால் அல்ல. இந்தப் பிழையால் சின்னக் காயம் என்று விடப்பட்ட பிள்ளைகள் உண்டு. உண்மையில் பிள்ளைக்குக் கொப்புளம் எழுந்தாலே அளவு பாராமல் காட்டிவிட வேண்டும். மேசையிலிருந்த தேத்தண்ணியைத் தவழும் பிள்ளை இழுத்து நெஞ்சில் கொட்டிக்கொள்வதுதான் வழக்கமான கதை. உடுப்பையும் பம்பர்ஸையும் கழற்றி, சுட்ட இடத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைத் துவாயால் சுற்றி வைக்க வேண்டும். நடுங்கத் தொடங்கினால் நிறுத்த வேண்டும், சிறு பிள்ளைக்கு உடம்பு விறைப்பதும் ஆபத்துத்தான்.

இடத்தையும் பார்க்க வேண்டும். முகம், கண், கை, பாதம், மர்ம உறுப்பு, மூட்டுகள், இந்த இடங்களில் கொப்புளம் எழுந்தால் அளவைப் பற்றிப் பேச்சில்லை. மணிக்கட்டையோ விரலையோ வளையம் போலச் சுற்றிய காயம் வீங்கும்போது கையையே நெரிக்கும். மின் கேத்திலிலோ கிரைண்டரிலோ ஷொக் அடித்துச் சுட்டால், வெளியே புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே ஓடிய பாதை தெரியாது. அடுப்புப் புகையைச் சுவாசித்து இருமல், குரல் கரகரப்பு, மூக்கில் கரி இருந்தால் தாமதம் கூடாது. நீரிழிவுக்காரர்கள் தனி இனம். உணர்வு மந்தித்த பாதத்தில் விறகுக் கொள்ளியோ சுடுசாம்பலோ பட்டு, அது தெரியாமலே இரவு படுத்துவிடுவார்கள். காலையில் செருப்பில் இரத்தம் கண்டு பார்ப்பார்கள். நம் குடாநாட்டில் நீரிழிவு இல்லாத வீடு தேட வேண்டியிருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதே எச்சரிக்கை.

போகும் இடம் தொலைவு என்பதும் காரணமாகாது. தெல்லிப்பழையிலும் மந்திகையிலும் சாவகச்சேரியிலும் ஊர்காவற்றுறையிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன, அங்கிருந்து தேவைப்பட்டால் யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. ஆனால் அம்புலன்ஸ் வரும்வரையும் தண்ணீர் நிற்கக் கூடாது. அழைப்பை எடுப்பவர் ஒருவர், தண்ணீர் விடுபவர் ஒருவர்.

முதல் நாள் சிறிதாக இருந்து வீட்டிலேயே வைத்துக்கொண்ட காயத்துக்கும் கடமை உண்டு. இரண்டு மூன்று நாளில் எரிவு குறைய வேண்டும். குறையாமல் கூடினால், காயத்தைச் சுற்றிய சிவப்பு பரவினால், சீழோ நாற்றமோ காய்ச்சலோ வந்தால் கிருமி புகுந்துவிட்டது. இன்னொன்று, சின்னப் பிள்ளைக்குக் காயம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சில நாளில் காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, வாந்தி, வயிற்றோட்டம், சோர்ந்து படுத்துவிடுதல் என்று வந்தால், அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று வைத்திருக்கக் கூடாது. தீக்காயத்தில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு இப்படித்தான் இரத்தத்தில் கலக்கும், அது அவசரம். வைத்தியரிடம் போகும்போது பிள்ளை எப்போது, எதனால் சுட்டது என்று கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

காயம் சுத்தமாகவே இருந்தாலும் ஏற்பு ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள். 10 ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள். இரண்டு வாரம் கழிந்தும் மூடாத காயம் எதுவானாலும் அதைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்குமேல் ஆறுகிற காயம் பெரும்பாலும் தடித்த தழும்பாகத்தான் ஆறும், மூட்டில் என்றால் விரல் மடங்கியே நின்றுவிடும்.